ஒளிப்படத்தில் மறைந்த ஓர் எண்: 12 அளவீடுகளின் இடைநிலைக்கு நம்பிக்கை இடைவெளி காண்பது எப்படி?

நீலமை

வணக்கம். ஒரு புதுவகைப் பசை இறுகுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று 12 துண்டுகளில் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் குறிப்பேடு இல்லை. அதன் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்த ஒளிப்படம் மட்டுமே என்னிடம் இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். நான் படித்தவரை எண்கள் இவை:

இடது நிரல்: 17.3, 14.2, 16.4, 19.2, 15.1. ஆறாவது எண்ணின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து வெள்ளையாகிவிட்டது.

வலது நிரல்: 21.8, 18.6, 31.5, 23.7, 20.5. கடைசி எண் 41.2 அல்லது 47.2. அந்த இலக்கம் 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம்.

அறிக்கையில் சராசரி வேண்டாம், இடைநிலையும் அதற்கு 95% நம்பிக்கை இடைவெளியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எண்களை வரிசைப்படுத்தி, ஈருறுப்புப் பரவலைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டுமாம். 12 எண்களும் தெளிவாக இருந்தால் எப்படியாவது செய்துவிடுவேன். மறைந்த எண்ணையும் இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய எண்ணையும் என்ன செய்வது?

---

கணக்குப்பிள்ளை

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, எளியது. கீழ் எல்லையின் இடம் n/2 − 1.96·√n/2. மேல் எல்லையின் இடம் 1 + n/2 + 1.96·√n/2. இரண்டையும் முழு எண்ணாக்கிக்கொள்ளுங்கள்.

தெரியாத எண்ணை விட்டுவிட்டால் உங்களிடம் 11 எண்கள் இருக்கின்றன. சூத்திரம் 2.25, 9.75 என்று தரும். அதாவது 2-ஆவது எண்ணும் 10-ஆவது எண்ணும். வரிசைப்படுத்தினால் 14.2, 15.1, 16.4, 17.3, 18.6, 19.2, 20.5, 21.8, 23.7, 31.5, 41.2. இடைநிலை 19.2, 95% இடைவெளி 15.1 முதல் 31.5 வரை. கடைசி எண் 41 ஆனாலும் 47 ஆனாலும் விடை இதுதான். வேலை முடிந்தது.

---

வரிசையாளர்

கணக்குப்பிள்ளை தேர்ந்தெடுத்த இடங்கள் சரி. ஆனால் அவற்றுக்கு 95% என்று பெயரிடுவது சரியில்லை. மறைந்த எண்ணை விட்டுவிடலாம் என்பதையும் யோசிக்காமல் ஏற்கக்கூடாது. முதலில் 12 எண்களும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பார்ப்போம்; படத்தின் சிக்கல் பிறகு தானாக அவிழும்.

இந்தப் பசையின் உண்மையான இடைநிலை M என்க. அது நமக்குத் தெரியாது. ஆனால் ஓர் அளவீடு M-க்குக் கீழே விழும் வாய்ப்பு சரிபாதி என்பது தெரியும், ஏனென்றால் இடைநிலை என்பதே அதுதான். பசையின் பரவல் எந்த வடிவத்தில் இருந்தாலும் இது மாறாது. ஆகவே M-க்குக் கீழே எத்தனை அளவீடுகள் விழுந்தன என்பது 12 முறை நாணயம் சுண்டி எத்தனை தலை விழுந்தது என்று எண்ணுவதற்குச் சமம். மொத்தம் 4096 வழிகள்.

3-ஆவது சிறிய எண்ணைக் கீழ் எல்லையாக வைத்தால் அது எப்போது தவறும்? அந்த எண்ணே M-ஐத் தாண்டிவிட்டால் தவறும். அப்படித் தாண்டியிருந்தால் M-க்குக் கீழே அதிகம் போனால் 2 எண்கள்தான் இருக்க முடியும். 0 எண் இருக்க 1 வழி, 1 எண் இருக்க 12 வழி, 2 எண்கள் இருக்க 66 வழி. கூட்டினால் 79. மேலே 10-ஆவது எண்ணுக்கும் அதே 79. இரு பக்கமும் சேர்த்து 4096-இல் 158 வழிகளில் மட்டும் இடைவெளி M-ஐத் தவறவிடும். மீதி 96.14%. R-இல் சரிபார்க்கலாம்:

```
n <- 12
k <- 3
1 - 2 * pbinom(k - 1, n, 0.5)
```

`k`-ஐ 4 ஆக்கிப் பாருங்கள். 85.4%-க்கு இறங்கிவிடும். 2 ஆக்கினால் 99.37%. 12 எண்களை வைத்துக்கொண்டு இரு பக்கமும் சமமாக எண்ணி உள்ளே வந்தால் இந்தப் படிகள்தான் உண்டு; சரியாக 95 என்ற படி கிடையாது. ஆகவே அறிக்கையில் 96.1% என்றே எழுதுங்கள். கணக்குப்பிள்ளையின் 11 எண்களுக்கு 2-ஆவதும் 10-ஆவதும் தருவது 98.8%. அதை 95% என்று எழுதினால், இடைவெளி ஏன் இவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதற்கான காரணமே படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

இந்த வழி 1936-இல் தாம்ஸன் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. கையால் போடக்கூடிய கணக்கு. 12 எண்களுக்குத் தோராயச் சூத்திரம் தேவையே இல்லை.

---

கணக்குப்பிள்ளை

வரிசையாளர் ஐயா, 12-க்கும் என் சூத்திரம் 2.6, 10.4 என்று தந்து 3, 10 என்றே முடிகிறது. 11-க்கும் பொருந்துகிறது. விடை ஒன்றாக வரும்போது சூத்திரத்தை ஏன் குறை சொல்ல வேண்டும்?

---

வரிசையாளர்

பெரும்பாலும் பொருந்தும், மறுக்கவில்லை. n = 17-க்குப் போட்டுப் பாருங்கள். சூத்திரம் 4.46 தரும், நீங்கள் 4 என்று எடுப்பீர்கள். உண்மையில் 5-ஆவது எண்ணிலிருந்து 13-ஆவது எண் வரை எடுத்தாலே 95.1% கிடைக்கிறது. 4-ஆவதிலிருந்து எடுத்தால் 98.7%. கையிலிருந்த துல்லியத்தைக் காரணமில்லாமல் இழந்துவிடுகிறீர்கள். இடத்தை மட்டும் சொல்லிவிட்டு உண்மையான சதவீதத்தைச் சொல்லாமல் விடுவதுதான் அந்தச் சூத்திரத்தின் குறை. n = 5-க்கு அது 0.3 என்று தரும். 0-ஆவது எண் என்று எதுவும் கிடையாது. 5 எண்களில் மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதுவரை முழுவதையும் எடுத்தாலும் 93.75%-க்கு மேல் போக முடியாது. 95% வேண்டுமானால் குறைந்தது 6 எண்கள் வேண்டும்.

---

பொறியாளன்7

எனக்கு ஒன்று புரியவில்லை. 15.1 முதல் 31.5 வரை என்கிறீர்கள். அப்படியானால் 98.8% துண்டுகள் அந்த நேரத்துக்குள் இறுகிவிட வேண்டுமே? 11 துண்டுகளில் 14.2-உம் 41.2-உம் ஏற்கெனவே வெளியே நிற்கின்றனவே. எங்கள் பிரிவில் ஒரு துண்டு அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதே முக்கியம்.

---

சுடர்விழி

பொறியாளன், நீங்கள் கேட்பது வேறு கேள்வி. இந்த இடைவெளி ஒரே ஓர் எண்ணைப் பற்றியது: பாதித் துண்டுகள் எந்த நேரத்துக்குள் இறுகும் என்ற அந்த எண். தனித்தனித் துண்டுகள் எங்கே விழும் என்று அது எதுவும் சொல்வதில்லை. அளவீடுகள் கூடக்கூட இடைநிலையின் இடைவெளி குறுகிக்கொண்டே போகும். துண்டுகளின் சிதறலோ அப்படியே இருக்கும். ஆயிரம் துண்டுகளை அளந்தால் இந்த இடைவெளிக்கு வெளியே பெரும்பாலான துண்டுகள் நிற்பது இயல்பு.

ஏறக்குறைய எல்லாத் துண்டுகளையும் அடக்கும் எல்லை உங்களுக்கு வேண்டுமென்றால் அதற்கும் வரிசைப்படுத்திய எண்களைக் கொண்டு கணக்கு உண்டு. ஆனால் 12 எண்கள் அதற்குப் போதவே போதாது. தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

---

வரிசையாளர்

இனி மறைந்த எண். நீலமை, கவனமாகப் பாருங்கள். இந்த முறையின் அழகு இங்கேதான் இருக்கிறது.

12 எண்களில் 3-ஆவதையும் 10-ஆவதையும் எடுப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது. அதில் ஓர் எண் நமக்குத் தெரியாது. அது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அது மிகச் சிறிய எண்ணாக இருந்தால் மற்ற எல்லா எண்களும் ஓரிடம் மேலே தள்ளப்படும். 12-இல் 3-ஆவது, நாம் படித்த 11-இல் 2-ஆவதாக இருக்கும், அதாவது 15.1. அது மிகப் பெரிய எண்ணாக இருந்தால் மற்றவை நகராது. 12-இல் 10-ஆவது, நாம் படித்த 11-இலும் 10-ஆவதுதான், அதாவது 31.5. மறைந்த எண் எதுவாக இருந்தாலும் உண்மையான இடைவெளி 15.1-க்கும் 31.5-க்கும் உள்ளேதான் அடங்கும்.

ஆக, கணக்குப்பிள்ளை எழுதிய அதே இரண்டு எண்கள். ஆனால் அடிப்படை வேறு. எண்ணை விட்டுவிட்டு 98.8% என்று சொல்ல வேண்டுமானால், அந்த எண் மறைந்ததற்கும் அதன் அளவுக்கும் தொடர்பில்லை என்று நம்ப வேண்டும். நான் சொன்ன வழியில் அந்த நம்பிக்கை தேவையில்லை, மறைந்த எண்ணைப் பற்றி எதையும் அனுமானிக்காமல் குறைந்தது 96.1% என்று சொல்லலாம்.

1-ஆ 7-ஆ என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. 41.2 ஆனாலும் 47.2 ஆனாலும் அது வரிசையில் கடைசி. சராசரி எடுத்திருந்தால் அந்த ஓர் இலக்கம் 11 எண்களின் சராசரியை 21.8-இலிருந்து 22.3-க்குத் தள்ளியிருக்கும்.

---

தேனருவி

என் சிக்கலும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால் கேட்கிறேன். நான் 10 துண்டுகளைச் சோதித்தேன். 60 நிமிடத்தில் சோதனையை நிறுத்திவிட்டோம். அதற்குள் 8 இறுகிவிட்டன, 2 இறுகவில்லை. அந்த இரண்டையும் 60 என்று எழுதிக்கொள்ளலாமா, விட்டுவிட வேண்டுமா?

---

வரிசையாளர்

விட்டுவிடாதீர்கள். மெதுவாக இறுகியவற்றை மட்டும் தேர்ந்து தூக்கி எறிந்தால் இடைநிலை கீழே சரிந்துவிடும். உங்களுக்கு அவற்றின் இடம் தெரியும்: 9-ஆவதும் 10-ஆவதும். இடைநிலை 5-ஆவது, 6-ஆவது எண்களின் நடுவே இருப்பதால் அதற்கு ஒரு பாதிப்பும் இல்லை. இடைவெளிதான் இடறும். 10 எண்களுக்கு வழக்கமாக எடுப்பது 2-ஆவதும் 9-ஆவதும், 97.9%. உங்கள் 9-ஆவது எண் தெரியாது. ஆகவே மேல் எல்லை "60 நிமிடத்துக்கு மேல்" என்றுதான் எழுத முடியும். 60 என்று எழுதினால் அது பொய்.

---

தேனருவி

மேல் எல்லை இல்லாத இடைவெளியை மேலதிகாரி ஏற்கமாட்டார். 2-ஆவதிலிருந்து 8-ஆவது வரை எடுத்தால்?

---

வரிசையாளர்

1024 வழிகளில் கீழே 11, மேலே 56 தவறும். 93.5% கிடைக்கும். இறுதி எண்ணிக்கை தெரிந்த பிறகு இந்த இடங்களைத் தேர்ந்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். 60 நிமிடத்தில் நிறுத்துவது என்று முன்பே தெரிந்திருந்ததால், இப்படிப்பட்ட இடங்களைத் தொடக்கத்திலேயே குறித்திருக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை

அப்படியானால் நீலமைக்கும் அதையே செய்யலாமே! 11 எண்களில் 2-ஆவதும் 9-ஆவதும் எடுத்துப் பார்த்தேன். 2048 வழிகளில் கீழே 12, மேலே 67, மொத்தம் 79 தவறும். 96.14%. இடைவெளி 15.1 முதல் 23.7 வரை. 31.5-ஐ விட எவ்வளவு நெருக்கம்! 95%-க்கு மேலும் இருக்கிறது.

---

வரிசையாளர்

கணக்கு சரி. ஆனால் எதற்காக மேல் பக்கம் ஓரிடம் உள்ளே வந்தீர்கள்? மேலே 23.7-க்கும் 31.5-க்கும் இடையில் பெரிய பள்ளம் இருப்பதைக் கண்ணால் பார்த்ததால். கீழே பெரிய பள்ளம் இருந்திருந்தால் 3-ஆவதையும் 10-ஆவதையும் எடுத்திருப்பீர்கள். எண்களைப் பார்த்து, எந்தப் பக்கம் குறுகுகிறதோ அந்தப் பக்கத்தை வெட்டினால் 96.14% என்ற கணக்கு உங்களுடைய முறைக்குப் பொருந்தாது. அந்தச் சதவீதம், எண்களைப் பார்க்கும் முன்பே இடங்களை நிர்ணயித்தவருக்கு உரியது.

---

ஒளிக்கீற்று

எனக்குப் புள்ளியியல் தெரியாது, ஒளிப்பட வேலை செய்கிறேன். ஆனால் இவ்வளவு பேர் கணக்குப் போடுகிறீர்கள், படத்தை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

நீலமை, நீங்கள் இணைத்திருப்பது செயலி வழியாக அனுப்பிச் சுருக்கப்பட்ட படம். மூலக் கோப்பு கிடைத்தால் அனுப்புங்கள். நீல மையில் எழுதியிருக்கிறார்கள். நீல மை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். ஆகவே படத்தின் சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் எழுத்து கருமையாகத் தெரியும். தாளின் வெள்ளையோடு கலக்காது. ஃபிளாஷ் முழுவதும் எரித்துவிட்ட நடுப்பகுதியில் எதுவும் மிஞ்சியிருக்காது, அங்கே மூன்று அடுக்குகளும் உச்சத்தில் இருக்கும். ஓரங்களில் மிஞ்சியிருக்கலாம்.

1-ஆ 7-ஆ என்பதற்கு அதே பக்கத்தைப் பாருங்கள். 17.3-லும் 23.7-லும் எழுதியவர் 7-இன் நடுவில் குறுக்குக் கோடு போட்டிருக்கிறார். கடைசி எண்ணில் அந்தக் கோடு இல்லை. என் கண்ணுக்கு அது 41.2.

---

நீலமை

மூலக் கோப்பு கிடைத்துவிட்டது, இணைத்திருக்கிறேன். ஒளிக்கீற்று சொன்னபடி சிவப்பு அடுக்கை மட்டும் பார்த்தேன். மறைந்த எண்ணின் இடது ஓரத்தில் ஒரு நேர்க்கோடு தெரிகிறது. அது 1 போல இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளை. ஒரே ஓர் இலக்கம் தெரிந்து என்ன பயன்?

---

ஒளிக்கீற்று

பார்த்தேன். 1 தான். அடிக்கோட்டில் இருந்து மேல் வரை ஒரே இழுப்பு. வளைவு தொடங்கும் அடையாளம் எங்கும் இல்லை. 2, 3 ஆக இருக்க முடியாது. 4 என்றால் இடப்பக்கச் சாய்கோடு தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பகுதி எரியவில்லை.

---

வரிசையாளர்

ஒரே ஓர் இலக்கம் நிறையவே பயன் தருகிறது. எல்லா எண்களும் பத்துக்கு மேற்பட்டவை, ஒரு தசம இலக்கம் கொண்டவை. இதையும் அதே வகை என்று கொண்டால் மறைந்த எண் 10.0-க்கும் 19.9-க்கும் இடையில் இருக்கிறது. அப்படியானால் அது நிச்சயமாக 23.7-க்குக் கீழே. ஆகவே 12-இல் 10-ஆவது எண் ஐயமில்லாமல் 23.7 தான். கீழ்ப்பக்கம் ஐயம் நீங்கவில்லை: மறைந்த எண் 15.1-க்குக் கீழே இருந்தால் 3-ஆவது எண் 15.1, 16.4-க்கு மேலே இருந்தால் 16.4, இடையில் இருந்தால் அதுவேதான் 3-ஆவது. மோசமான நிலையில் 15.1.

ஆகவே இடைவெளி 15.1 முதல் 23.7 வரை, குறைந்தது 96.1%. கணக்குப்பிள்ளை ஆசைப்பட்ட அதே எல்லைகள் இப்போது நேர்வழியில் வந்துவிட்டன. எண்களைப் பார்த்து இடங்களை நான் மாற்றவில்லை. 3-ஆவதும் 10-ஆவதும் என்று முன்பே வைத்ததை, கிடைத்த செய்தி இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது.

இடைநிலையையும் ஒரே எண்ணாக எழுத முடியாது. மறைந்த எண் 18.6-க்குக் கீழே இருந்தால் 18.6-க்கும் 19.2-க்கும் நடுவே, அதாவது 18.9. 19.9 ஆக இருந்தால் 19.55. ஆகவே "18.9 முதல் 19.55-க்குள்" என்று எழுதலாம்.

---

சுடர்விழி

கணக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கணக்கு தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒன்றை இப்போது கேட்கிறேன். எண்களை வரிசைப்படுத்தியதும் எல்லோரும் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டோம். படத்தில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. நீலமையின் முதல் பதிவுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இடது நிரலில் படிக்க முடிந்த ஐந்தும் 14.2 முதல் 19.2 வரை. வலது நிரலின் ஆறும் 18.6 முதல் 41.2 வரை. 19.2-உம் 18.6-உம் மட்டும் ஒன்றையொன்று தாண்டுகின்றன. மற்றபடி இடது முழுவதும் சிறியது, வலது முழுவதும் பெரியது. மறைந்த எண்ணும் 1-இல் தொடங்குகிறது, அதுவும் இடது நிரலில்.

நிரல்களுக்குப் பொருளே இல்லையென்றால், 11 எண்களில் எந்த ஐந்து இடப்பக்கம் விழும் என்பதற்கு 462 வழிகள். இந்த அளவுக்கோ இதற்கும் மேலாகவோ பிரிந்து நிற்பவை, இரு திசையும் சேர்த்து, 4 தான். பார்த்த பிறகு கண்ணில் பட்டதைச் சோதிக்கிறேன் என்பதால் 462-இல் 4 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் புறக்கணிக்கக்கூடிய அளவு இல்லை.

வரிசையாளர் ஐயாவின் கணக்கு முழுவதும் 12 நாணயங்களும் தனித்தனியாகச் சுண்டப்பட்டவை என்பதில் நிற்கிறது. இரண்டு நிரல்களும் இரண்டு தடவை கலக்கிய பசை என்றால், ஒரு கலவையின் துண்டுகள் சேர்ந்தே மேலேயோ கீழேயோ போகும். அப்போது உண்மையில் சுண்டியது 12 நாணயம் இல்லை, இரண்டுக்குச் சற்று அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். 96% என்ற எண் அங்கே நிற்காது.

---

கணக்குப்பிள்ளை

நிரலுக்கு ஒன்றாகத் தனித்தனி இடைவெளி போட்டுவிட்டால்?

---

சுடர்விழி

போடலாம். 6 எண்களுக்குச் சிறியதிலிருந்து பெரியதுவரை முழுவதையும் எடுத்தால் 96.9%. அதிலிருந்து இரு பக்கமும் ஓரிடம் உள்ளே வந்தாலும் 78%-க்கு இறங்கிவிடும், ஆகவே வேறு வழியே இல்லை. வலது நிரலுக்கு 18.6 முதல் கடைசி எண் வரை. இப்போது அந்த 1-ஆ 7-ஆ உயிர்நிலை ஆகிவிடுகிறது. அதுவே மேல் எல்லை. ஒளிக்கீற்று குறுக்குக் கோட்டைக் கவனித்தது இங்கே உதவும், ஆனாலும் நான் 47.2 என்றே எழுதுவேன், பாதுகாப்பாக. இடது நிரலுக்கு, மறைந்த எண் மிகச் சிறியதாகவோ மிகப் பெரியதாகவோ இருக்கலாம் என்பதால் 10.0 முதல் 19.9 வரை.

எல்லை ஓரங்களுக்குப் போகப்போக இந்த முறையின் பொறுமை குறைந்துகொண்டே வருவதைப் பாருங்கள். 3-ஆவது எண்ணில் நிற்கும்போது ஓரத்து எண்ணைத் தவறாகப் படித்தாலும் தாங்கியது. ஓரத்திலேயே நின்றால் ஓர் இலக்கப் பிழையும் அப்படியே விடைக்குள் வந்துவிடுகிறது.

---

வரிசையாளர்

சுடர்விழி சொன்னது மிக முக்கியமான ஐயம். ஆனால் இரண்டு கலவை என்பது இன்னும் ஊகம்தான். அளந்தவர்கள் வேகமாக இறுகியதை முதலில் எழுதிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தேன். அது பொருந்தவில்லை: ஒரு நிரலுக்குள் எண்கள் ஏறுவரிசையில் இல்லை, 17.3-க்குப் பிறகு 14.2 வருகிறது. துண்டுகளின் எண் வரிசையில்தான் எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் முதல் ஆறு துண்டுகளுக்கும் அடுத்த ஆறுக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கலவையா, அறை வெப்பமா, அளந்த ஆளா? நீலமை, எழுதியவரைக் கேட்க முடியுமா?

---

நீலமை

கேட்டேன். ஒரே தடவைதான் கலக்கினேன், ஆனால் முதல் ஆறு துண்டுகளை ஒட்டிவிட்டு இடைவேளைக்குப் பிறகு மற்ற ஆறையும் ஒட்டினேன் என்கிறார். பசை அந்த நேரம் முழுவதும் திறந்த கிண்ணத்தில் இருந்ததாம். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை என்கிறார். மறைந்த எண்ணும் நினைவில்லை. கடைசி எண் 41 தான், 7-க்குத் தான் எப்போதும் கோடு போடுவதாகச் சொன்னார்.

இப்போது நான் எதை எழுதுவது? ஒரு கலவை என்பதால் ஒரே இடைவெளி போதுமா?

---

பொறியாளன்7

திறந்த கிண்ணத்தில் நின்ற பசை பெரும்பாலும் தடித்து வேகமாகத்தான் இறுகும். இங்கே மெதுவாகியிருக்கிறது. கரைப்பான் ஆவியாகி இறுகும் வகையா, காற்றின் ஈரத்தால் இறுகும் வகையா, இரண்டு பாகம் கலக்கும் வகையா என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. கிண்ணத்தில் காத்திருந்த நேரம் மட்டுமே காரணம் என்று எழுதாதீர்கள். ஒட்டிய பரப்பு, தடவிய தடிமன் எல்லாம் மாறியிருக்கலாம்.

---

வரிசையாளர்

ஒரே கலவை என்பதால் என் நிலையை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று கருதுகிறேன். கேள்வி இந்தக் கலவை பயன்பாட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பதானால், புதிதாகவும் சற்றுக் காத்திருந்தும் ஒட்டுவது வழக்கமே. 15.1 முதல் 23.7 வரை, குறைந்தது 96.1%, மறைந்த ஓர் எண்ணுக்கு மோசமான நிலையைக் கொண்டு கணக்கிட்டது என்று எழுதி, இரு நேரங்களில் ஒட்டப்பட்டவை என்ற செய்தியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

சுடர்விழி

நான் ஒப்பமாட்டேன், ஐயா. பாதி புதிது, பாதி காத்திருந்தது என்ற விகிதம் பயன்பாட்டிலிருந்து வந்ததில்லை. ஒருவர் இடைவேளைக்குப் போனதால் வந்தது. வேறொரு நாள் மூன்று துண்டு முன்பு, ஒன்பது துண்டு பின்பு என்று ஒட்டியிருந்தால் இடைநிலையே வேறு இடத்தில் நின்றிருக்கும். எதனுடைய இடைநிலை என்று சொல்ல முடியாத ஓர் எண்ணுக்கு 96% என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

என் கருத்து: இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியே எழுதுங்கள். புதிதாக ஒட்டிய ஆறுக்கு 10.0–19.9, பிறகு ஒட்டிய ஆறுக்கு 18.6–41.2, எழுதியவரே உறுதி சொல்லிவிட்டதால் 47 வேண்டாம். இரண்டும் 96.9%, தனித்தனியாக. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்கும் வாய்ப்பு அதைவிடக் குறைவு, சுமார் 93.8%. அகலமாக இருக்கின்றன என்று தயங்க வேண்டாம், ஆறு எண்களிடம் அதற்கு மேல் கேட்க முடியாது.

---

தேனருவி

இதைப் படித்தபின் என் பத்துத் துண்டுகளின் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். இறுகாத இரண்டும் அடுத்தடுத்து ஒட்டியவை, 9-ஆம், 10-ஆம் எண் துண்டுகள். எனக்கும் கிண்ணத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்ற குறிப்பு இல்லை.

---

நீலமை

முடிவாக, இரண்டையும் அறிக்கையில் சேர்க்கிறேன். முதன்மை அட்டவணையில் சுடர்விழி சொன்னபடி ஆறு ஆறாகப் பிரித்த இடைவெளிகள். அதன் கீழே 12-உம் சேர்ந்த 15.1–23.7, எந்த அனுமானத்தின்மேல் என்ற ஒரு வரியோடு. மறைந்த எண்ணின் இடத்தைக் காலியாக விட்டு "1_._" என்று எழுதி, மூலப் படத்தையும் சிவப்பு அடுக்கையும் பின்னிணைப்பாக வைக்கிறேன். அதே பசையை மறுபடியும் கலக்கி, ஒவ்வொரு துண்டையும் கலக்கியதிலிருந்து எத்தனையாவது நிமிடத்தில் ஒட்டினேன் என்ற நிரலையும் சேர்த்து அளக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

---

வரிசையாளர்

அப்படி அளக்கும்போது 17 துண்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஆவதும் 13-ஆவதும் என்று இன்றே எழுதி வைத்துவிடுங்கள். இரு ஓரங்களிலும் நான்கு நான்கு எண்கள் பாழானாலும், அவை அந்தந்த ஓரத்தில் இருப்பவை என்று தெரிந்தவரை, எல்லைகள் நகராது. ஒட்டும் வரிசையைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். குறிப்பேட்டை ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள்.

---

சுடர்விழி

17 துண்டுகளையும் ஒரே கலவையில் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு கலவைக்கு ஒரு துண்டு என்றால்தான் ஐயா சொல்லும் 95.1% நிற்கும். செலவு கூடும் என்பது தெரியும். எத்தனை கலவை முடியும் என்று கேட்டுச் சொல்லுங்கள்; அதற்கேற்ப இடங்களைக் கணக்கிட்டுத் தருகிறேன்.